வணிக மின்னஞ்சலின் முதல் வரியில் என்ன எழுதுவது?

கேள்வி: “ஊத்தான் மெலிந்தாங்கில் என் மாமாவின் பட்டறையில் அலுவலக வேலை பார்க்கிறேன். செம்பனை ஆலைகளுக்கு இயந்திர பாகங்களைப் பழுது பார்த்துக் கொடுக்கிறோம். எல்லா மின்னஞ்சலையும் ‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்’ என்றுதான் தொடங்குகிறேன். பதில் வர நாள்கணக்கில் ஆகிறது. நேராக விஷயத்துக்கு வந்தால் மரியாதைக் குறைவு என்கிறார் மாமா. எப்படித் தொடங்குவது?”

உங்கள் மாமாவின் கவலை நியாயமானது. நம் ஊரில் ஆலை நிர்வாகியிடமோ தோட்ட அலுவலகத்திலோ போய் நின்றதும் யாரும் பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஆனால் மின்னஞ்சலில் அந்த மரியாதைக்கு உரிய இடம் விளிப்பு. முதல் வரி வேலைக்கு உரியது. இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் மாமாவும் மனம் வருந்த மாட்டார், பதிலும் தாமதமாகாது. நான் ஒரு செம்பனை ஆலையின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் கிராணியாக இருந்தவன். உங்களைப் போன்ற பட்டறைகள் அனுப்பும் மின்னஞ்சல்களைத் திறந்து படித்து, யாரிடம் அனுப்ப வேண்டுமோ அவரிடம் அனுப்புவது என் வேலை. அதனால் பெறுகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. கைப்பேசியில் மின்னஞ்சல் பட்டியலைத் திறந்தால் அனுப்பியவர் பெயர், பொருள் வரி, அதன் கீழே உள்ளடக்கத்தின் தொடக்கச் சொற்கள் கொஞ்சம், இவ்வளவுதான் தெரியும். அந்தத் தொடக்கச் சொற்கள் விளிப்பிலிருந்தே ஆரம்பிக்கின்றன. நீங்கள் ‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருப்பீர்கள்’ என்று எழுதினால், கண்ணில் படுவது அது மட்டுமே. எந்த வேலை, எந்தத் தொகை, எந்த நாள் என்பது திரைக்கு வெளியே போய்விடுகிறது. உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆலைப் பொறியாளர் பெரும்பாலும் மேசையில் இருப்பதில்லை. எண்ணெய் பிழியும் ஸ்குரூ பிரஸ் இரைச்சலுக்கு நடுவிலோ, லோரிகள் பழக்குலை கொட்டும் மேடையிலோ நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்க்கிறார். உடனே செய்ய வேண்டியது ஏதுமில்லை என்று தோன்றும் மின்னஞ்சலைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். அந்தப் பிறகுதான் நீங்கள் சொல்லும் நாள்கணக்கு.

நலம் விசாரித்துத் தொடங்கும் வழக்கம் வீணாக வந்ததன்று. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில், தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகும் கடிதம் ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று தொடங்கியது. கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சலும் கொள்ளைநோயும் இருந்த காலம். எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்பதே அதில் முதல் செய்தி. பழைய ரோமர்களும் ‘நீர் நலமெனில் நன்று, நான் நலமே’ என்று தொடங்கினார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிப்போய், கடைசியில் அந்த வாக்கியத்தை வெறும் முதலெழுத்துகளாகச் சுருக்கி எழுதினார்கள். சிசரோவின் கடிதத் தொகுப்பில் அதைப் பார்க்கலாம். நேற்று மாலை வாட்ஸ்அப்பில் பேசிய பொறியாளருக்கு இன்று காலை அதே வாக்கியத்தை எழுதும்போது, விசாரிப்பதாக நீங்களும் நினைப்பதில்லை, விசாரிக்கப்பட்டதாக அவரும் நினைப்பதில்லை.

இனி உங்கள் பட்டறையில் நடக்கக்கூடிய ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஓர் ஆலை தன் மூன்றாம் பிரஸ்ஸின் ஷாஃப்ட்டை உங்களிடம் அனுப்புகிறது. 4,800 ரிங்கிட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்து, ஆலையின் கொள்முதல் ஆணையான பி.ஓ. எண் 2217 வந்துவிட்டது. திங்கட்கிழமை ஷாஃப்ட்டைக் கழுவிப் பார்த்தால், பேரிங் அமரும் இடமும் தேய்ந்திருக்கிறது. அதை வெல்டிங்கால் நிரப்பிக் கடைய இன்னும் 1,350 ரிங்கிட் ஆகும். புதன்கிழமை நண்பகலுக்குள் ஒப்புதல் கிடைத்தால் வெள்ளிக்கிழமை மாலை ஷாஃப்ட்டைத் திருப்பித் தரலாம். இல்லையென்றால் கடைசல் இயந்திரத்தில் அடுத்த வேலை ஏறிவிடும், செவ்வாய்க்கிழமைதான் முடியும்.

வழக்கமாக இதை எப்படி எழுதுவார்கள்? நலம் விசாரிப்பு ஒரு வரி. ‘மேற்கண்ட பி.ஓ. தொடர்பாக இதனை எழுதுகிறோம்’ என்று இன்னொரு வரி. ஷாஃப்ட் எந்த நாளில் வந்தது, யார் இறக்கிவைத்தார், எப்படிக் கழுவினோம், என்ன கண்டோம் என்று நடந்த வரிசையில் ஒரு பத்தி. அதன் பிறகு விலை. கடைசியில் ‘ஆகவே தங்கள் மேலான ஒப்புதலை எதிர்பார்க்கிறோம்’. புதன் என்ற கெடு பெரும்பாலும் எங்குமே இருக்காது. இருந்தாலும் ‘கூடிய விரைவில்’ என்றுதான் இருக்கும். எழுதுகிறவருக்கு இது இயல்பான வரிசைதான், அவர் அந்த வழியாகத்தான் விஷயத்துக்கு வந்து சேர்ந்தார். படிக்கிறவருக்கோ, தன்னிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரியாமலே நான்கு பத்தியைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

இதையே திருப்பி எழுதினால் இப்படி வரும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் மலாயில் எழுதினாலும் வரிசை மாறாது. பொருள் வரி: ‘பி.ஓ. 2217, பிரஸ் 3 ஷாஃப்ட்: கூடுதல் 1,350 ரிங்கிட்டுக்கு ஒப்புதல், புதன் 12 மணிக்குள்’. விளிப்பு: ‘என்சிக் ரஹ்மான்,’ என்று ஒரே சொற்றொடர். முதல் வரி: ‘பி.ஓ. 2217-இல் வந்த பிரஸ் 3 ஷாஃப்ட்டில் பேரிங் அமரும் இடத்தையும் சரிசெய்ய, கூடுதலாக 1,350 ரிங்கிட்டுக்குப் புதன்கிழமை நண்பகல் 12 மணிக்குள் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இரண்டாம் வரி: ‘அதற்குள் கிடைத்தால் ஷாஃப்ட் வெள்ளிக்கிழமை மாலை ஆலைக்கு வந்துவிடும்; பிந்தினால் செவ்வாய்க்கிழமை ஆகும்.’ அதற்கு அடுத்த பத்தியில், கழுவிய பிறகே தேய்மானம் தெரிந்தது என்ற காரணமும், அளவு எடுத்த தாளும் படமும் இணைப்பில் இருக்கின்றன என்ற செய்தியும்.

ஒரு மின்னஞ்சலை அனுப்பும் முன் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். விளிப்புக்குப் பிறகு வரும் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கையால் மறைத்துவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெறுகிறவர் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரு தேதியையோ பதிலாக எழுத முடியுமா? முடிந்தால் அது நல்ல முதல் வரி. ‘தொடர்பாக எழுதுகிறோம்’ என்ற வரி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். நலம் விசாரிப்பை விட்டுவிட வேண்டும் என்று புரிந்துகொண்ட பலர், அந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பது இந்த வரியைத்தான். அது எதைப் பற்றிய மின்னஞ்சல் என்று சொல்கிறதே தவிர, என்ன வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த வேலையைப் பொருள் வரி ஏற்கெனவே செய்துவிட்டது. ‘இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்பதும் அப்படியே. அதை அடித்துவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதிலிருந்து தொடங்கினால் ஒன்றும் குறையாது.

இன்னொரு தொடக்கத்தையும் கவனமாகத் தவிர்க்கச் சொல்வேன்: ‘நேற்று பேசியபடி’, ‘வாட்ஸ்அப்பில் சொன்னது போல’, ‘என் முந்தைய மின்னஞ்சலில் குறிப்பிட்டவாறு’. சுருக்கமாகத்தான் இருக்கின்றன, ஆனால் இவைதான் காரியத்தை அதிகம் கெடுத்து நான் பார்த்தவை. காரணம், உங்கள் மின்னஞ்சல் ரஹ்மானோடு நிற்பதில்லை. கூடுதல் செலவுக்கு ஒப்புதல் தர ரஹ்மான் போன்ற உதவிப் பொறியாளருக்குப் பெரும்பாலும் அதிகாரம் இருக்காது. அவர் அதை ஆலை நிர்வாகிக்கு அனுப்புவார். தொகையைப் பொறுத்து அது தலைமை அலுவலகக் கொள்முதல் பிரிவு வரை போகும். கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவர் நேற்று நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதை எப்படி அறிவார்? அவர் ரஹ்மானைக் கேட்பார், ரஹ்மான் உங்களைக் கேட்பார், புதன்கிழமை போய்விடும். அதனால் முதல் வரி, உரையாடலில் இல்லாத மூன்றாம் மனிதருக்கும் தானே விளங்க வேண்டும். பி.ஓ. எண்ணையும் பிரஸ் எண்ணையும் பொருள் வரியில் சொன்ன பிறகும் முதல் வரியில் மறுபடி எழுதச் சொன்னது இதற்காகத்தான். ‘முந்தைய மின்னஞ்சலில் குறிப்பிட்டவாறு’ என்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு: படிக்கிறவர் காதில் அது ‘நீங்கள் படிக்கவில்லை’ என்ற குற்றச்சாட்டாக விழுகிறது.

இப்போது மரியாதைக்கு வருகிறேன், மாமாவுக்குக் காட்ட வேண்டிய பகுதி இது. மலேசியாவில் மரியாதை பெயரில் தொடங்குகிறது. ரஹ்மான் பின் இஸ்மாயில் என்பவரை ‘என்சிக் இஸ்மாயில்’ என்று விளித்தால், அவர் தகப்பனாரை அழைத்ததாக ஆகிவிடும். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். டான் என்று தொடங்கும் பெயருக்கு ‘மிஸ்டர் டான்’ என்பதே சரி. நம்மவர் பெயரில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதற்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர், அதைக் கொண்டு விளிப்பது முறையன்று. பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர்கள் பெயருக்கு முன் ‘இர்.’ என்று போடுவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். டத்தோ பட்டம் பெற்றவரென்றால் எழுத்துக்கூட்டலிலும் வேறுபாடு உண்டு, ஆகவே அவருடைய கையொப்பத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பெயரையும் பட்டத்தையும் பிழையில்லாமல் எழுதியவரை யாரும் மரியாதை தெரியாதவர் என்று நினைத்ததை நான் பார்த்ததில்லை. பெயரைத் தவறாக எழுதிவிட்டு அடுத்த வரியில் நலம் விசாரிப்பவரைத்தான் அப்படி நினைப்பார்கள்.

மரியாதை தங்கும் இன்னோர் இடம் வினைச்சொல். ‘ஒப்புதல் வேண்டும்’ என்பது கட்டளை போல ஒலிக்கும். ‘ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பது ஒலிக்காது. மலாயில் ‘மொஹோன்’ என்று தொடங்கலாம், ஆங்கிலத்தில் கேள்வியாகக் கேட்கலாம். இரண்டு சொல்லுக்குள் பணிவு வந்துவிடுகிறது, அதற்கென்று தனி வாக்கியம் தேவையில்லை. கெடுவைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் ஒட்டிச் சொல்வது அதைவிடப் பெரிய பணிவு என்பது என் கருத்து. ‘புதனுக்குள்’ என்று மட்டும் சொன்னால் நீங்கள் நெருக்குகிறீர்கள். ‘புதனுக்குள் கிடைத்தால் வெள்ளியன்று தருவோம்’ என்று சொன்னால் அவருடைய கணக்கைப் போட உதவுகிறீர்கள். பழக்குலை வெட்டிய பின் நேரம் ஆக ஆக எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும். ஒரு பிரஸ் நின்றிருக்கும் ஆலையில் பொறியாளருக்கு வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசம் வாசலில் நிற்கும் லோரி வரிசையாகத் தெரியும்.

கெட்ட செய்தி சொல்லும்போது பலர் மன்னிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். ‘ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம்’ என்று படித்ததும் பெறுகிறவர் மனம் எங்கெங்கோ போகும்: ஷாஃப்ட் உடைந்துவிட்டதா, தொலைந்துவிட்டதா? புதிய நாளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ‘வெள்ளிக்கிழமை தர வேண்டிய பிரஸ் 3 ஷாஃப்ட் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு ஆலைக்கு வரும்.’ அடுத்த வரியில் காரணம், அதற்கடுத்து மன்னிப்பு. வருத்தம் உண்மையாக இருந்தால் மூன்றாம் வரியிலும் அது உண்மையாகவே படும்.

பாக்கிப் பணம் கேட்பதில் முதல் வரிக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘மேற்கண்ட இன்வாய்ஸின் நிலை என்ன என்று அறிய விரும்புகிறோம்’ என்றால், ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற பதில் வரும், அதோடு முடிந்தது. நிலையைக் கேட்காதீர்கள், தேதியைக் கேளுங்கள்: ‘மார்ச் 31-இல் கெடு முடிந்த 4,800 ரிங்கிட் இன்வாய்ஸுக்கு எந்தத் தேதியில் பணம் வரும் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன், இன்வாய்ஸும் ஆலை முத்திரையிட்ட டெலிவரி ஆர்டரும் இணைப்பில் உள்ளன.’ அந்தப் பிற்பாதிதான் பல சமயம் பணத்தை அசைக்கிறது. எங்கள் பிரிவில் இன்வாய்ஸ் தேங்கி நின்றதற்குப் பெரும்பாலும் காரணம், பொருள் வந்ததற்கான முத்திரையிட்ட தாள் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேராததுதான். எல்லா அலுவலகத்திலும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இணைத்துவிட்டால் அந்தச் சாக்குக்கு இடமிருக்காது.

அரசு அலுவலகங்களுக்கு மலாயில் எழுதும்போது மட்டும் நான் சொன்னதில் பாதியை விட்டுவிடுங்கள். மாவட்ட மன்றத்துக்கு உரிமம் புதுப்பிக்க எழுதினால், ‘டெங்ஙான் செகாலா ஹொர்மாட்ஞா, பெர்காரா டி அத்தாஸ் அடாலா டிருஜுக்’ என்ற வரி அங்கே முறையாக எதிர்பார்க்கப்படுகிறது. அதை வெட்டுவதால் ஆதாயம் ஒன்றுமில்லை. அந்த வரியே ‘மேலே உள்ள பொருளைப் பாருங்கள்’ என்று சொல்வதால், பொருள் தலைப்பில் முழு விஷயத்தையும் வைத்துவிட வேண்டும். ‘உரிமம் தொடர்பாக’ என்று விடாமல், எந்த உரிமம், எந்த எண், புதுப்பிக்க வேண்டுகிறோமா ரத்துசெய்ய வேண்டுகிறோமா என்று எழுதுங்கள். பிறகு வரும் ‘2.’ என்று எண்ணிட்ட பத்தியின் முதல் வாக்கியம் உங்கள் கோரிக்கையாக இருக்கட்டும்.

இதுவரை எழுதாத ஒருவருக்கு முதன்முதலாக எழுதும்போது எவ்வளவு நேராக வரலாம் என்பதில் எனக்குத் திட்டவட்டமான விதி இல்லை. நான் கண்டவரை, யார் என்பதைக் கோரிக்கையோடு ஒரே வாக்கியத்தில் இணைத்தால் போதும்: ‘ஊத்தான் மெலிந்தாங்கில் பிரஸ் பாகங்களைப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையை உங்கள் ஒப்பந்தக்காரர் பட்டியலில் சேர்க்க என்ன படிவம் தர வேண்டும் என்று தெரிவிக்க முடியுமா?’ பட்டறையின் வரலாறு இணைப்பில் இருக்கலாம். வயதில் மூத்த சில நிர்வாகிகள் இதையும் வேகமாக உணரக்கூடும்; அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பை முதலில் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலை அதன் பதிவாக அனுப்புவது நல்லது.

நலம் விசாரிப்பதை அடியோடு விட வேண்டியதுமில்லை. விசாரிக்க ஏதாவது இருக்கும்போது விசாரியுங்கள். ரஹ்மான் ஹரி ராயா விடுமுறை முடிந்து வந்திருந்தால், வேலையைச் சொல்லி முடித்த பிறகு கடைசி வரியில் பெருநாள் எப்படி இருந்தது என்று கேட்கலாம். வெள்ளம் வந்து அவருடைய கம்பத்தில் வீடுகள் நனைந்திருந்தால் அதைக் கேட்கலாம். வீட்டில் இழவு நடந்திருந்தால் அதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், அதில் ஷாஃப்ட்டும் இன்வாய்ஸும் வரக்கூடாது. வேலை அவசரமென்றால், அவர் இடத்தில் யார் பார்க்கிறார் என்று அலுவலகத்தில் விசாரித்து அவருக்கு எழுதுங்கள்.

நாளையே செய்து பார்க்க வேண்டுமென்றால், அனுப்பியவை பகுதியில் பதில் பிந்திய ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அதில் நீங்கள் உண்மையில் கேட்ட வாக்கியம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ‘ஆகவே’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும். அந்த வாக்கியத்தை வெட்டி விளிப்புக்கு அடியில் ஒட்டுங்கள், ‘ஆகவே’யை எடுத்துவிடுங்கள், பி.ஓ. எண்ணையும் ஒரு நாளையும் சேருங்கள். ரஹ்மான் ‘சரி, செய்யுங்கள்’ என்று ஒரு வரியில் பதில் அனுப்பினால், நன்றி சொல்லித் தொடங்கும் நீண்ட பதில் எழுத வேண்டாம். ‘ஒப்புதல் கிடைத்தது, இன்று பிற்பகல் வேலை தொடங்குகிறது, ஷாஃப்ட் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலைக்கு வரும், நன்றி’ என்று அனுப்பிவிட்டு, அதே வரியைப் பட்டறைப் பலகையிலும் எழுதிவையுங்கள்.